நிலுவை ஏதுமில்லை

சத்யப்ரியா ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது வீட்டுக்கடன் அலுவலகத்திலிருந்து ஜெயப்ரியா கூப்பிட்டாள். மனுவை வாங்கிய நாளிலிருந்து சிரித்துச் சிரித்துப் பேசிய பெண். அன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை.

"மேடம், உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு கார்டு இன்னும் நிக்குது. ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம் பாக்கி காட்டுது. தெரியுமா?"

"அந்தக் கார்ட கேன்சல் பண்ணி மூணு வருசம் ஆச்சே. எங்கிட்ட நோ டியூஸ் லெட்டர் இருக்கு."

"அப்படின்னா சரி. நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

சத்யப்ரியா பயப்படவில்லை. கடிதம் பீரோவில், ஆதார் அட்டைகளோடு ஒரே உறையில் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தது அவள் தம்பி கௌதம்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் அவள் கணவன் முத்துக்குமார் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கையில் பணமில்லை. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சம்பளக் கணக்கு திறந்தபோது வங்கிக்காரர்கள் தலையில் கட்டிய கிரெடிட் கார்டு ஒன்று இருந்தது. அதைத் தேய்த்துத்தான் மருந்தும் ஆக்சிஜனும். பிழைத்து வந்தான். ஆனால் அவன் வேலை பார்த்த வார்ப்புப் பட்டறை ஐந்து மாதம் மூடிக்கிடந்தது. கார்டின் பாக்கி வட்டியோடு எண்பத்தாறாயிரமாகி, ஒரு நாளைக்கு ஏழெட்டு போன் வரத் தொடங்கியது. சூப்பர்வைசர் எண்ணுக்குக்கூட ஒருமுறை வந்தது. அந்த வாரம்தான் அவள் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, கார்டே வேண்டாம், கேன்சல் செய்துவிடுங்கள் என்று சொன்னாள். செய்துவிட்டோம், பாக்கியைக் கட்டினால்தான் கணக்கை மூட முடியும் என்றார்கள்.

கௌதம் கிருஷ்ணகிரியில் ஒரு வசூல் ஏஜென்சியில் இருந்தான். வங்கிகளின் வராத பாக்கிகளை வீடு வீடாகப் போய்க் கேட்கிற வேலை. "எங்க ஏஜென்சிக்குத்தான்க்கா உன் அக்கவுன்ட் வந்திருக்கு. செட்டில்மென்ட்டுக்குப் பேசிட்டேன். அம்பத்தஞ்சு கட்டினா முடிச்சிருவாங்க" என்றான். அவள் தன் வளையல் நான்கையும் விற்று ஐம்பத்தைந்தாயிரத்தை ரொக்கமாக அவன் கையில் கொடுத்தாள். பத்து நாளில் கடிதம் வந்தது. "பழைய நம்பர தூக்கிப் போட்டுடு அக்கா. லிஸ்ட்ல பேரு எடுக்க லேட்டாவும், சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருப்பானுக" என்றான். எண்ணை மாற்றினாள். போன்கள் நின்றன. அந்த மாதம் முழுக்க அவள் தம்பியின் பெருமையைச் சொல்லாத ஆளில்லை.

மறுநாள் ஜெயப்ரியா அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"இத வச்சு நான் ஃபைல நகர்த்த முடியாது மேடம். கணக்க மூடினா பேங்க்ல இருந்து எஸ்எம்எஸ், மெயில் வந்திருக்கணும். அது இருக்கா?"

"அப்ப நம்பர் மாத்திட்டேன்."

ரிப்போர்ட்டில் 'ரிட்டன் ஆஃப்' என்று எழுதியிருந்ததை, கூட வந்திருந்த முத்துக்குமார் விரலால் தொட்டுக் காட்டினான். "இதுக்குத் தள்ளுபடின்னுதானேங்க அர்த்தம்?"

"இல்ல சார். வராத கடன்னு அவங்க கணக்குல ஒதுக்கி வச்சிருக்காங்க, அவ்ளோதான். நீங்க கட்ட வேண்டியது அப்படியேதான் இருக்கும். பேங்க்ல எழுதிக் கொடுத்து, கணக்கு மூடியாச்சுன்னு உறுதியும், புதுசா நோ டியூஸ் சர்டிபிகேட்டும் வாங்கிட்டு வாங்க. வீட்டு அக்ரிமென்ட் எப்ப முடியுது?"

"அடுத்த மாசம் இருபத்தி ரெண்டு" என்றான் முத்துக்குமார்.

ஓசூரை ஒட்டி, பாகலூர் பக்கம் ஒன்றரை சென்டில் ஒரு சிறிய வீடு. முன்பணமாக இரண்டு லட்சம் கொடுத்திருந்தார்கள். மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் ஒன்பது வருடம் இருந்து சேர்த்தது.

அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் செய்தாள். "பேங்க் சிஸ்டத்துல அப்டேட் ஆகாம இருக்கும்க்கா. நீ பிராஞ்சுக்கெல்லாம் போயி அலையாத. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் பாத்துக்கிறேன்" என்றான்.

ஒரு வாரம் போனது. "மெயில் போட்ருக்கேன்க்கா." இன்னொரு வாரம். "மேனேஜர் லீவு." அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவில்லை. முத்துக்குமார் தினமும் காலண்டரைப் பார்த்தான். அந்தப் பார்வை பொறுக்காமல்தான் அவள் ஒரு நாள் லீவு போட்டு வங்கிக்குக் கிளம்பினாள்.

கிளையில் ரூபா என்ற அதிகாரி இருந்தாள். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் வந்து போகிறவள். தமிழில் கன்னடம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கஸ்டமர் கேரில் பதிவான எண் பொருந்தவில்லை என்று பேச மறுத்துவிட்டார்கள் என்று சத்யப்ரியா சொன்னதும், முதலில் புது எண்ணைப் பதிவதற்கான படிவத்தையும் ஆதார், பான் நகல்களையும் வாங்கிக்கொண்டாள்.

"கார்டு கணக்கு இங்க இல்லம்மா. சென்னைல தனி டிபார்ட்மென்ட். சர்டிபிகேட் அவங்கதான் கொடுக்கணும். நீங்க லெட்டர் எழுதுங்க, நான் சீல் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பறேன். ஒரு காப்பில அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கிக்கோங்க. அத தொலைக்காதீங்க."

சத்யப்ரியா எழுதினாள். 2022 செப்டம்பரில் கார்டை ரத்து செய்தேன். பாக்கியைச் செட்டில்மென்ட்டில் கட்டி முடித்தேன். கணக்கு மூடப்பட்டதை உறுதி செய்து, நிலுவை ஏதுமில்லை என்ற சான்று தர வேண்டும். கார்டின் கடைசி நான்கு எண்கள், பிறந்த தேதி, கையெழுத்து. பழைய கடிதத்தின் நகலையும் வைத்தாள்.

ரூபா அந்த நகலை இரண்டு முறை படித்தாள். "கார்ட கேன்சல் பண்றது வேற, கணக்க மூடறது வேற. தெரியுமில்ல? கார்டு செத்தாலும் பாக்கி இருந்தா கணக்கு உயிரோடதான் இருக்கும். நீங்க பணம் எப்படிக் கட்டினீங்க? ஆன்லைனா, செக்கா?"

"ரொக்கமா. ஏஜென்சில."

"ரசீது?"

அவள் தலையசைத்தாள். இல்லை. தம்பியிடம் யார் ரசீது கேட்பார்கள்?

ஆறாம் நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்துப் பார்த்தபோது மெயில் வந்திருந்தது. ஆங்கிலம். புரிகிற ஆங்கிலம்தான், ஆனாலும் கேன்டீன் மூலையில் நின்று நான்கு முறை படித்தாள். தாங்கள் இணைத்துள்ள கடிதம் எங்கள் வங்கியால் வழங்கப்பட்டதல்ல. தங்கள் கணக்கில் செட்டில்மென்ட் எதுவும் அனுமதிக்கப்படவில்லை. குறிப்பிட்ட தேதியில் எந்தத் தொகையும் வரவில்லை. முகவர் எவரிடமாவது பணம் கொடுத்திருந்தால், அவர் பெயர், நாள், இடம், ரசீது ஆகிய விவரங்களை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தரவும்.

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு லைனுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்குத் தனியாகப் போனாள். முத்துக்குமாரிடம் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். கௌதம் பழையபேட்டையில் வாடகைக்கு இருந்தான். அவன் மனைவி தர்ஷினிக்கு ஏழாம் மாதம். அம்மா ராஜலட்சுமி கோவில்பட்டியிலிருந்து வந்து மகனோடுதான் இருந்தாள்.

கௌதம் அக்காவைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகப் பார்த்தான். அவள் வாசலில் நின்றுகொண்டாள். போனில் அந்த மெயிலைத் திறந்து அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் படிக்கவில்லை. படிக்காமலே கட்டிலில் உட்கார்ந்தான்.

"சொல்லுடா."

"அப்ப ஒரு கஸ்டமர் பணத்த எடுத்துச் செலவழிச்சிட்டேன்க்கா. மறுநாள் கட்டலன்னா வேலை போயிரும். உன் காச அதுல போட்டேன். அடுத்த மாசம் உன் அக்கவுன்ட்ல கட்டிரலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா."

"லெட்டரு?"

"ஆபீஸ்ல பழைய லெட்டர் ஒண்ணு கெடந்துச்சு. பேர மாத்தி அடிச்சேன்."

"எந்தச் செலவுடா?"

உள்ளேயிருந்து தர்ஷினிதான் சொன்னாள்: "போன்ல காசு வச்சுச் சீட்டாட்டம்." அவ்வளவுதான் சொன்னாள். அடுப்பைத் தாழ்த்திவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

அம்மா அதுவரை கேட்டுக்கொண்டு இருந்தாள். "தப்புதான். தப்பு இல்லன்னு யாரு சொன்னா? மாசாமாசம் கொடுத்துருவான். நீ அந்தப் பேங்க்ல இவன் பேர எழுதிக் கொடுத்துராத தாயி. பிள்ள பொறக்கப் போவுது."

"என் வீடு போயிரும்மா."

"வீடு இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு. இவன் உள்ள போனா வெளிய வந்து என்ன வேல கெடைக்கும்?"

கௌதம் அழுதான். "உங்கிட்ட மட்டுந்தான்க்கா அப்படிச் செஞ்சேன். அக்காதானேன்னு. அதுக்கப்புறம் வெளியாளு ஒருத்தர்ட்ட ஒத்த ரூபா தொட்டதில்ல."

அந்த வார்த்தையை அவள் நம்பினாள். நம்பியதால்தான் பேருந்தில் திரும்பி வரும்போது மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். பெயரை எழுத வேண்டாம். ரூபாவிடம் பேசி, எவ்வளவு குறைப்பார்களோ குறைத்து, மறுபடியும் கட்டிவிடலாம். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. முத்துக்குமாரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் வார்த்தை கிடைக்கவில்லை. சூளகிரி தாண்டி, ஓசூர் தொழிற்சாலைகளின் தகரக் கூரைகள் தெரிகிறவரை யோசித்தாள். அன்று அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டாம் ஷிப்ட். காலையில் வங்கிக்குப் போனாள். ரூபா மேனேஜர் அறையில் இருந்தாள். காத்திருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் வயதான விவசாயி ஒருவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் அவர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"ஏம்மா, இங்கிலீஸ் படிப்பியா? இதுல பாக்கி இல்லன்னுதானே எழுதிகீது? ஒருக்கா பாத்துச் சொல்லேன்."

அவள் வாங்கினாள். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. தலைப்பில் 'சர்டிபிகேட்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அவளுடைய கடிதத்திலும் அதே எழுத்து விடுபட்டிருந்தது. கடித எண் 4417. அவளுடையதும் 4417. பெயர் மட்டும் சென்னகிருஷ்ணன். தேதி போன வருடம் ஆகஸ்ட்.

"சென்னகிருஷ்ணன்னா நீங்களாங்க?"

"எம் பையன். எம் பேரு முனிவேலு. ஜவளகிரி பக்கம். அவன் இங்க சிப்காட்ல கம்பெனில இருந்தான். லாரி அடிச்சிப் போயிட்டான், ரெண்டு வருசம் ஆவப்போவுது. அவன் கார்டுல பாக்கி இருக்குதுன்னு ஒரு தம்பி வந்திச்சி. அப்பாரு நீங்க கட்டலன்னா நெலத்து மேல கேசு வரும்னுச்சு. ரெண்டு கறவ மாட்ட வித்து நாப்பதாயிரம் கொடுத்தேன். இந்த லெட்டரத் தந்திச்சி. இப்ப மறுபடியும் வேற ஆளுங்க வராங்க. மருமவளுக்குப் போன் போட்டு அசிங்கமாப் பேசறாங்க."

"வந்தவரு பேரு என்னங்க?"

"ரவின்னு சொன்னிச்சி. தெக்கத்திப் பேச்சு. ஒன்னிது மாதிரிதான் வச்சிக்கோயேன். எடது கையில எழுதும்."

கௌதம் இடது கைக்காரன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியவன்.

அவள் கடிதத்தை மறுபடி உறைக்குள் வைத்துக் கொடுத்தாள். "உள்ள மேடத்துக்கிட்ட காட்டுங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

ரூபா வந்ததும் அவரைத்தான் முதலில் கூப்பிட்டாள். இறப்புச் சான்று, கடிதம், மகனின் அடையாள அட்டை எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். நாற்காலியிலிருந்த சத்யப்ரியாவுக்கும் அது கேட்டது.

"ஐயா, கார்டு கடன் உங்க மகன் பேர்ல. அவரு விட்டுட்டுப் போன சொத்து, பணம் ஏதாவது இருந்தா அதுலதான் பேங்க் கேக்க முடியும். உங்க நெலம் உங்களது. உங்க கையிலேர்ந்து நீங்க இத கட்டவே வேண்டியதில்ல."

முனிவேல் அவள் முகத்தைப் பார்த்தார். "கட்டவே வேண்டியதில்லையா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப மாடு?"

ரூபா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். இறப்புச் சான்றை இணைத்துக் கார்டு டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மனு எழுதித் தருவதாகச் சொன்னாள். அவர் கைநாட்டு வைக்கவில்லை. எழுத்துக் கூட்டித் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

சத்யப்ரியாவின் முறை வந்தது.

"முகவர் பேரு கேட்டிருந்தாங்கல்ல. கொண்டு வந்தீங்களா?" என்றாள் ரூபா.

"எழுதினா என்னாகும் மேடம்?"

"ஏஜென்சிகிட்ட விளக்கம் கேப்பாங்க. அவன் அப்போ அந்த ஏஜென்சி ஆளுதான்னு ஆச்சுன்னா பேங்க் கைவிரிக்க முடியாது. ஏஜென்ட் செஞ்சதுக்குப் பேங்க்தான் பொறுப்பு. ஆனா போலி லெட்டர். அதனால போலீஸுக்கும் போகும். எழுதலன்னா..." ரூபா தோளைக் குலுக்கினாள். "பணம் வரவே இல்லன்னு வச்சுப்பாங்க. நீங்க மறுபடி கட்டிக்கலாம். அந்தப் பெரியவரு லெட்டரும் இதே மாதிரிதான், அவரு கதை என்னாகும்னு தெரியல. அவருக்கு ரவின்னு ஒரு பேர் மட்டும்தான் தெரியும்."

சத்யப்ரியா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். முனிவேல் மஞ்சள் பையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஒத்த ரூபா தொட்டதில்ல என்று அழுத முகம் நினைவுக்கு வந்தது. அந்த அழுகை உண்மையாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு தாள் கேட்டு வாங்கினாள். பெயர், தகப்பனார் பெயர், ஏஜென்சி, விலாசம், பணம் கொடுத்த நாள், இடம். அப்போது அவனோடு வாட்ஸ்அப்பில் பேசியவை பழைய போனில் இருந்தன. பிரின்ட் எடுத்துத் தருகிறேன் என்று எழுதினாள். கடைசியாக, மேற்படி நபர் எனக்கு உடன்பிறந்த தம்பி என்று எழுதியபோது ரூபா எழுதுவதை நிறுத்தச் சொல்வது போல் கையைத் தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள்.

"இதையும் எழுதணுமா?"

"எழுதணும் மேடம். அவங்களா கண்டுபிடிச்சா நானும் சேந்து செஞ்சேன்னு நெனப்பாங்க."

அன்று ஷிப்ட் முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் முத்துக்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினான். சோப்பெல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான்.

"நான் மூச்சு விட முடியாமக் கெடந்தப்ப வந்த கடன்" என்றான். "உன் தம்பிய நான் என்ன சொல்ல."

"உங்களால வந்ததுன்னு யாரும் சொல்லல."

"நீ சொல்ல மாட்ட."

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பேசினாலும் அங்கேதான் போய் முட்டியது. அதனால் எதையுமே அதிகம் பேசவில்லை.

இருபத்தி இரண்டாம் தேதி வந்து போனது. வீட்டுக்காரர் பதினைந்து நாள் பொறுத்தார். பிறகு முன்பணத்தில் ஐம்பதாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்து, வீட்டை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தார். ஜெயப்ரியா மனுவை மூடிவிட்டதாகச் செய்தி அனுப்பினாள்.

முப்பது நாளாகியும் வங்கியிடமிருந்து முடிவு வரவில்லை. அக்னாலெட்ஜ்மென்ட் நகல், மெயில்கள், வாட்ஸ்அப் தாள்கள் எல்லாவற்றையும் சேர்த்து ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரின் இணையதளத்தில் புகார் பதிந்தாள். கட்டணம் எதுவும் இல்லை. பிரவுசிங் சென்டர்காரனுக்குத்தான் அறுபது ரூபாய். முனிவேலுக்கும் அப்படியே செய்யலாம் என்று ரூபாவிடம் சொல்லி வைத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. ஏஜென்சி தன் பதிவேட்டைப் பார்த்தது. சத்யப்ரியாவின் கணக்கும் சென்னகிருஷ்ணனின் கணக்கும் கௌதமுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தன. இன்னும் மூன்று கணக்குகளும் வெளிவந்தன. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏஜென்சி வாசலிலேயே அவனைப் போலீஸ் அழைத்துப் போனது.

அன்று மதியம் அம்மாவின் போன் வந்தது. திட்டுவாள் என்று நினைத்து எடுத்தாள்.

"எழுதிட்ட" என்றாள் அம்மா.

"அஞ்சு பேரும்மா. அதுல ஒருத்தரு மகன சாகக் கொடுத்தவரு."

"அஞ்சு பேருக்கும் நீதான் அக்காவா?"

போன் வைக்கப்பட்டது. பிறகு அம்மா தர்ஷினியை அவள் பெற்றோர் ஊரான சாமல்பட்டியில் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குப் போய்விட்டதாக உறவுக்காரர்கள் சொன்னார்கள். ஆண் குழந்தை பிறந்ததும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. சத்யப்ரியா ஒரு தொட்டில் துணியும் இரண்டு சட்டையும் வாங்கிக் கூரியரில் அனுப்பினாள். அது திரும்பி வரவில்லை. வந்து சேர்ந்தது என்று யாரும் சொல்லவும் இல்லை.

வங்கியின் முடிவு கடைசியில் வந்தது. முகவர் வாங்கிய ஐம்பத்தைந்தாயிரத்தை அதே தேதியில் வரவு வைத்தார்கள். அதற்குப் பிறகு ஏறிய வட்டி, தாமதக் கட்டணம் அனைத்தையும் நீக்கினார்கள். செட்டில்மென்ட் என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதால் மீதி முப்பத்தோராயிரம் இருந்தது. இரண்டு வழி சொன்னார்கள். அதிலும் குறைத்துக் கட்டலாம். ஆனால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று பதியும், பின்னால் கடன் கேட்கும்போது இடிக்கும். முழுதாகக் கட்டினால் 'க்ளோஸ்டு' என்று பதியும். திரும்பி வந்த முன்பணத்திலிருந்து முழுதாகவே கட்டினாள். கார்டு கணக்கு எண்ணுக்கு நேராக, ரசீதோடு.

ஆறு வேலை நாளில் போனில் எஸ்எம்எஸ். தங்கள் கோரிக்கைப்படி கடன் அட்டைக் கணக்கு மூடப்பட்டது. அன்று மாலையே மெயிலில் சான்று. நிலுவை ஏதுமில்லை. கடன் தகவல் நிறுவனங்களுக்கு முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கப்படும்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. அந்தத் தாளைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை வங்கிக்குப் போனாள்.

"இது நெசமா மேடம்?"

ரூபா கம்ப்யூட்டரில் எண்ணை அடித்துப் பார்த்தாள். திரையைத் திருப்பியும் காட்டினாள். "நெசம்தான்மா. கணக்கு மூடியாச்சு. பயப்படாதீங்க."

திரும்பும்போது நாற்காலியில் முனிவேல் இருந்தார். அவருக்கும் கடிதம் வந்திருந்தது. பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். "வாம்மா. இந்தத் தடவையும் நீயே படிச்சிச் சொல்லு."

அவள் படித்தாள். மகன் இறந்ததால் கணக்கு மூடப்பட்டது என்றும், குடும்பத்தாரிடம் இனி எந்தத் தொகையும் கேட்கப்படாது என்றும் இருந்தது. நாற்பதாயிரத்தைப் பற்றி, விசாரணை முடிந்த பின் தெரிவிக்கப்படும் என்று ஒரே ஒரு வரி.

"அப்ப இனிமே யாரும் வர மாட்டாங்க?"

"மாட்டாங்கய்யா. வந்தா இந்தத் தாளக் காட்டுங்க."

"மருமவ போன எடுக்கவே பயப்படறா" என்றார். தாளை உறையில் போட்டார். "அந்தப் பையன் மாட்டிக்கினானாமே. யாரோ ஒரு பொம்பள அவன் பேர எழுதிக் கொடுத்திச்சாம். மேடம் சொன்னாங்க."

அவள் பேசாமல் போயிருக்கலாம். பத்து நிமிடத்தில் கம்பெனி பஸ்.

"நான்தாங்க எழுதிக் கொடுத்தேன். அவன் எந் தம்பி."

முனிவேல் திரும்பி அவளைப் பார்த்தார். கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கௌதமின் சாயலை அவள் முகத்தில் தேடுகிறார் போலிருந்தது. கவுன்ட்டரில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எண் இல்லை.

"எங்க ஊட்ல களி தின்னுட்டுப் போனான்மா" என்றார். "என் மருமவதான் போட்டா. இன்னும் கொஞ்சம் வெய்யின்னு கேட்டு வாங்கித் தின்னான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, தளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு வெளியே போனார். சத்யப்ரியா அவர் படியிறங்கும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு சான்றை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.